யூரோவை மட்டும் வைத்திருக்கும் ஃபண்ட்

FXE என்ற குறியீட்டில் ஒரு ஃபண்ட் 2005 முதல் நியூயார்க்கில் வர்த்தகமாகிறது. அதன் கையில் பங்கும் இல்லை, கடன் பத்திரமும் இல்லை. வங்கிக் கணக்கில் போட்ட யூரோ மட்டுமே. தொடக்கத்தில் யூனிட்டுக்கு 100 யூரோ.

ஆண்டுக் கட்டணம் 0.40 சதவீதம். வங்கி தரும் வட்டி அதற்குப் போதாவிட்டால், குறையும் தொகையை இருக்கும் யூரோவிலிருந்தே எடுப்பார்கள். வட்டியே இல்லையென்றால் ஓராண்டில் 100 யூரோ 99.60 ஆகிவிடும். 2014 முதல் 2022 வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் டெபாசிட் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது. அப்போது கரைவு இன்னும் கூடியது.

அன்றாடம் யூரோவின் டாலர் விலையை ஒட்டியே நகரும் யூனிட், இப்படித்தான் வருடக்கணக்கில் பின்தங்குகிறது. வாங்கும் முன் அதன் நிகர மதிப்பை அன்றைய யூரோ விலையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை யூரோ மிச்சம் என்று தெரிந்துவிடும்.