ஐந்து அடுப்பு, ஒரே நெருப்பு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை மாலை. மும்பைப் பங்குச்சந்தையை நம்பிப் பணம் போட்டவர்கள் பலருக்கும் அன்று தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மாலை வெளியான எக்ஸிட் போல்கள் ஆளுங்கட்சிக்குப் பெரும் வெற்றி என்று ஒரே குரலில் சொல்லியிருந்தன. அந்தத் தெம்பில் நிஃப்டி ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263இல் முடிந்தது. ஸ்டேட் பாங்க் பங்கு 830 ரூபாய் அளவிலிருந்து 905க்குத் தாவியது. பொதுத்துறைப் பங்குகள் எதைத் தொட்டாலும் பச்சை.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பா.ஜ.க. 240 இடங்களில் நின்றது. தனிப்பெரும்பான்மைக்குத் தேவை 272. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்து 21,884இல் முடிந்தது. குறியீட்டுக்கே இந்தக் கதி என்றால், முந்தைய நாள் துள்ளிய பொதுத்துறைப் பங்குகளின் நிலை இன்னும் மோசம். ஸ்டேட் பாங்க் சுமார் 14 சதவீதம், ஓ.என்.ஜி.சி. 16, பாரத் எலக்ட்ரானிக்ஸ் 19, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் 21, ஆர்.இ.சி. 24 சதவீதம் விழுந்தன.

இந்த ஐந்தையும் ஒருசேர வைத்திருந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் சூதாடி அல்ல, கணக்குப் பார்த்து இறங்குகிறவர். கையில் 10 லட்சம் ரூபாய். ஒரு டிரேடில் மொத்தப் பணத்தில் 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 10,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட விதி. ஸ்டேட் பாங்க் பங்கை 905இல் வாங்கி, 860இல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார். ஒரு பங்குக்கு 45 ரூபாய் இழப்பு சாத்தியம். 10,000ஐ 45ஆல் வகுத்தால் 222 பங்குகள். அதற்கான முதல் சுமார் 2 லட்சம். இதே கணக்கில் மற்ற நான்கையும் தலா 2 லட்சத்துக்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் வைக்கிறார்.

இப்போது எல்லா ஸ்டாப் லாஸும் ஒன்றாகத் தட்டினால் அவர் இழப்பது எவ்வளவு? ஐந்து பத்தாயிரம், 50,000 ரூபாய். மொத்தப் பணத்தில் 5 சதவீதம். திறந்திருக்கும் எல்லா டிரேடுகளிலும் இன்னும் தீராமல் நிற்கிற இந்த மொத்த அபாயத்துக்குத்தான் வணிகர்கள் வைத்த பெயர் ‘போர்ட்ஃபோலியோ ஹீட்’. அமெரிக்கக் கமாடிட்டி வணிகர் எட் சைகோட்டா புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்களில் ஒன்று இந்த ‘ஹீட்’. சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டார் என்று பேசிப் பழகிய தமிழருக்கு அதை விளக்கவே வேண்டாம்.

5 சதவீத ஹீட் என்பது தாளில் பார்த்தால் பயமுறுத்தாது. நம் வணிகரும் பயப்படவில்லை. ஒன்று வங்கி, ஒன்று எண்ணெய், ஒன்று பாதுகாப்புத் தளவாடம், இரண்டு மின்துறைக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள். எல்லாம் ஒரே நாளில் கவிழ்ந்துவிடுமா என்ன?

அவர் மனதில் ஓடிய கணக்கு இதுதான். ஒரு டிரேட் ஸ்டாப் லாஸில் முடிய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைப்போம். ஐந்தும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்றால், ஐந்தும் தோற்க ஐந்து முறை நாணயம் சுண்டி ஐந்து முறையும் பூ விழ வேண்டும். 32இல் ஒரு வாய்ப்பு. ஆனால் ஐந்தும் ஒரே காரணத்தால் ஏறி, ஒரே காரணத்தால் இறங்குகிறவை என்றால்? அப்போது சுண்டுவது ஒரே ஒரு நாணயம். ஐந்தும் சேர்ந்து தோற்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஹீட் என்ற தொகை இரண்டு நிலையிலும் அதே 50,000தான். அந்த 50,000 முழுவதும் ஒரே காலையில் எரிந்துபோகும் சாத்தியம்தான் மாறிவிடுகிறது.

துறைகள் வேறு, உரிமையாளர் ஒருவரே. ஐந்தின் விலையிலும் ஏறியிருந்தது ஒரே எதிர்பார்ப்பு: அதே அரசு, அதே வலுவுடன், அதே அளவு மூலதனச் செலவைத் தொடரும் என்பது. அது ஆட்டம் கண்டதும் ஐந்து பங்குகளும் சேர்ந்தே ஆடின. அதே நாளில் சோப்பும் தேயிலைத் தூளும் விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் பங்கு சுமார் 6 சதவீதம் ஏறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விழுந்தது சந்தை முழுவதும் அல்ல, ஒரு குறிப்பிட்ட நம்பிக்கை என்பது புரியும்.

இரண்டு பங்குகள் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்பதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பார்கள். அது 1 என்றால் இரட்டைப் பிள்ளைகள். 0 என்றால் அந்நியர்கள். -1 என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும். இதைக் கண்டறிய ஒவ்வொரு பங்கின் கடைசி 60 நாள் தினசரி மாற்றத்தைச் சதவீதத்தில் எக்ஸெலில் இரண்டு பத்திகளாகப் போட்டு, இந்தச் சூத்திரத்தைத் தந்தால் போதும்:

```
=CORREL(B2:B61,C2:C61)
```

பலரும் சறுக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. தினசரி மாற்றத்துக்குப் பதிலாக விலையையே நேரடியாகப் போட்டுவிடுவார்கள். ஏறும் சந்தையில் சம்பந்தமில்லாத இரண்டு பங்குகளும் மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கும். விலையை வைத்துப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்பு போலத் தெரியும்.

கிடைக்கும் எண்ணை என்ன செய்வது? ஐந்து டிரேடுகள், தலா 10,000 ஆபத்து. ஒட்டுறவு 0 என்றால் வழக்கமான ஏற்ற இறக்கத்தில் அவை ஒன்றையொன்று ஈடுகட்டும். மொத்த ஆட்டம் 5இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 22,000 ரூபாய்க்குச் சுருங்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒட்டுறவு 0.7 என்றால் அதுவே சுமார் 43,600 ஆகிவிடும். முழு 50,000க்கு அருகில். ஐந்து டிரேட் என்று பெயர்தானே ஒழிய, பலன் என்னவோ ஒரே பெரிய டிரேட்.

இதைச் சட்டமாகவே எழுதிவைத்தவர்கள் ஆமைகள். 1983இல் சிகாகோ வணிகர் ரிச்சர்ட் டென்னிஸ், நண்பர் வில்லியம் எக்கார்ட்டுடன் சேர்ந்து, வணிகத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற பந்தயத்துக்காகச் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தார். அவர்களுக்கு ‘டர்ட்டில்ஸ்’ என்று பெயர். பின்னாளில் வெளியான அவர்களது விதிகளில், ஒரு யூனிட் என்பது ஸ்டாப் லாஸ் தட்டினால் கணக்கில் சுமார் 2 சதவீதம் போகும் அளவு. ஒரே சந்தையில் அதிகபட்சம் 4 யூனிட். தங்கம்–வெள்ளி, கச்சா எண்ணெய்–ஹீட்டிங் ஆயில் போன்ற நெருங்கிய உறவுச் சந்தைகளில் ஒரே திசையில் எல்லாம் சேர்த்து 6. தங்கம்–செம்பு போன்ற தூரத்து உறவு என்றால் 10. எந்தச் சந்தைகளாக இருந்தாலும் ஒரே திசையில் மொத்தம் 12. தங்கத்தில் 4 யூனிட் வாங்கிவிட்ட ஆமைக்கு, வெள்ளி எவ்வளவு அழகாக ஏறினாலும் 2 யூனிட்டுக்கு மேல் அனுமதி கிடையாது. கவனிக்க வேண்டியது, அவர்கள் தசம எண்ணில் ஒட்டுறவைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கவில்லை. உறவை முன்கூட்டியே வகைப்படுத்தி, குழுவுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்.

அந்த வழியை நம் வணிகருக்குப் பொருத்திப் பார்க்கலாம். பொதுத்துறை என்பது ஒரு குழு. அந்தக் குழுவுக்கு 2 சதவீதம்தான் வரம்பு என்று வைத்தால், 20,000 ரூபாயை ஐந்து பங்குகளுக்கும் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு 4,000. ஸ்டாப் லாஸ் அதே இடத்தில் இருக்கும். பங்குகளின் எண்ணிக்கைதான் குறையும். ஸ்டேட் பாங்கில் 222க்குப் பதில் 88 பங்குகள். ஒவ்வொன்றிலும் சுமார் 80,000 ரூபாய், ஐந்திலும் சேர்த்து 4 லட்சம்.

ஜூன் 4இல் ஸ்டாப் லாஸ் சரியாக வேலை செய்திருந்தால் முதல் வழியில் 50,000, இரண்டாம் வழியில் 20,000 போயிருக்கும். ஆனால் ஸ்டாப் லாஸ் ஒரு வாக்குறுதி அல்ல. தூண்டு விலையோடு சேர்த்து எல்லை விலையும் கொடுத்திருந்து, விலை அந்த எல்லையைத் தாண்டி விருட்டென்று கீழே போனால் ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும். ‘திரும்பி வரும்’ என்று கடைசி நிமிடத்தில் ஆர்டரை நீக்கிவிடுகிற கைகளும் உண்டு. அன்று மாலை வரை ஐந்தையும் வைத்திருந்தால் முதல் வழியில் இழப்பு 28,000, 32,000, 38,000, 42,000, 48,000 என்று சேர்ந்து 1,88,000 ரூபாய். 5 சதவீதம் என்று எழுதிவைத்த ஹீட் கிட்டத்தட்ட 19 சதவீதமாகச் சுட்டிருக்கும். இரண்டாம் வழியில் அது சுமார் 75,000. வலிக்கும்; ஆனால் எழ முடியும்.

லாபத்தில் இருக்கும் டிரேடை எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்டேட் பாங்க்கை மே மாதத்தில் 830இல் வாங்கியவர் ஸ்டாப் லாஸை 860க்கு உயர்த்திவிட்டால், தன் முதலுக்கு ஆபத்தே இல்லை, ஹீட் பூஜ்யம் என்பார். போட்ட முதலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஜூன் 3 மாலை அவர் கணக்கில் பங்கின் மதிப்பு 905. அங்கிருந்து பார்த்தால் பங்குக்கு 45 ரூபாய் இன்னும் நெருப்பில்தான் இருக்கிறது. அந்த லாபத்தை நம்பி இன்னொரு டிரேடில் இறங்குகிறவர் இரண்டாவது கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஒட்டுறவு என்ற எண்ணும் நேற்றைய செய்திதான். அமைதியான மாதங்களில் அந்நியர்களாக இருப்பவை நெருக்கடியில் கைகோத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் கொரோனா பீதியில் பங்குகள் விழுந்தபோது, பாதுகாப்புக்கு என்று வாங்கிவைத்த தங்கமும் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,680 டாலர் அளவிலிருந்து ஒரே வாரத்தில் 1,500க்குக் கீழே போனது. மற்ற இடங்களில் பட்ட கடனைக் கட்ட, விற்கக்கூடிய எதையும் விற்றார்கள். அதே மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அதனால் அனுபவமுள்ள வணிகர்கள் ஒருமுறை எல்லா ஒட்டுறவும் 1 என்று வைத்து ஹீட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தொகை ஒரே நாளில் போனால் தாங்குமா என்பதே அவர்கள் கேள்வி.

2024 ஜூன் 4க்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். மூன்றே வர்த்தக நாட்களில், ஜூன் 7 வெள்ளிக்கிழமை, நிஃப்டி 23,290இல் முடிந்து விழுவதற்கு முந்தைய உயரத்தைத் தாண்டிவிட்டது. முழுப் பணம் கொடுத்துப் பங்கு வாங்கியவர்களால் அதைக் காத்திருந்து பார்க்க முடிந்தது. அதே ஐந்து பங்குகளின் ஃபியூச்சர்ஸை மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மார்ஜினில் வாங்கியவருக்கோ, 14 முதல் 24 சதவீத வீழ்ச்சியில் கட்டிய பணம் கிட்டத்தட்ட மொத்தமும் கரைந்திருக்கும். பணம் போடச் சொல்லித் தரகு நிறுவனத்திடமிருந்து அழைப்பும் வந்திருக்கும். அன்று அதைக் கட்ட முடியாதவர்களின் கணக்கில், வெள்ளிக்கிழமை ஏறுவதற்கு ஒரு பொசிஷனும் மிச்சம் இருந்திருக்காது.