மூன்று மூலைகள் தெரிந்தால்தான் மீதி

டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைப் பணம் செலுத்தும் செயலி சில நேரம் எப்படிக் காட்டினாலும் பிடிப்பதில்லை. அட்டை பழசாகிவிட்டது, அழுக்கேறிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் 1994-ல் ஜப்பானில், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கிய இந்தக் கோடு, அழுக்கையும் கீறலையும் தாங்கும்படியே அமைக்கப்பட்டது. அச்சிடும்போது தேர்ந்தெடுக்கும் நிலையைப் பொறுத்து, தகவலில் சுமார் 7 முதல் 30 சதவீதம் வரை சேதமானாலும் மீட்டுவிடலாம். அப்படியும் ஏன் படிக்க முடியாமல் போகிறது?

ஏனென்றால் இந்த மீட்பு நடப்பது கடைசியில்தான். கேமரா அனுப்பும் படத்தைச் செயலி முதலில் நிறமில்லாததாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று பிரிக்கிறது. பிறகு மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்களைத் தேடுகிறது. ஒவ்வொரு சதுரத்தின் மையம் வழியாகவும் எந்தத் திசையில் நேர்கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அதுதான் அடையாளம். மூன்றும் கிடைத்தால்தான் நடுவிலுள்ள சிறு கட்டங்களைப் படிக்கத் தொடங்கும். ஒரு மூலை தெரியாவிட்டாலும் பெரும்பாலான செயலிகளுக்கு அங்கே கோடு இருப்பதே தெரியாது.

மூலைகளைக் கெடுப்பதில் முதலிடம் பளபளப்புக்கு. லேமினேஷன் செய்த அட்டைக்கு மேலே டியூப்லைட் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையின் மேல் வெள்ளைப் பட்டை ஒன்று விழுகிறது. அதன் கீழுள்ள கறுப்புக் கட்டங்களும் கேமராவுக்கு வெள்ளைதான். பட்டை கோட்டின் நடுவே சிறிதாக விழுந்தால் மீட்புக் கணக்கு சமாளித்துவிடும். அதே அளவுப் பட்டை மூலைச் சதுரத்தின் மேல் விழுந்தால் ஸ்கேன் ஆகாது. வெளிச்சம் போதவில்லை என்று டார்ச்சைப் போட்டால் இன்னும் மோசமாகும்: டார்ச் லென்ஸை ஒட்டியே இருப்பதால், போனை நேராகப் பிடிக்கும்போது அந்த ஒளி அட்டையில் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. போனைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், பட்டை நகர்ந்துவிடும். சாய்வதால் கோணலாகத் தெரியும் சதுரத்தைச் செயலியே கணக்கிட்டு நேராக்கிக்கொள்ளும்.

இருட்டின் சிக்கல் வேறு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்க்கிறது. அந்த நேரத்துக்குள் கை ஒரு கட்டத்தின் அளவு அசைந்தாலே கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிவிடும். இங்கே டார்ச் உதவும், ஆனால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முழங்கையைக் கல்லாவில் ஊன்றிக்கொள்வதும் பலன் தரும்.

படிக்கவில்லை என்றதும் போனைக் கோட்டுக்கு மிக அருகே கொண்டுபோவது பலரின் வழக்கம். எல்லா லென்ஸுக்கும் ஃபோகஸ் ஆகும் குறைந்தபட்ச தூரம் ஒன்று உண்டு. அதற்குள் போனால் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் மங்கல்தான். மிகத் தள்ளிப் போனாலும் கட்டங்கள் சிறுத்துவிடும். பக்கத்துக்கு 37 கட்டங்கள் கொண்ட கோடு, 720 புள்ளி அகலமுள்ள படத்தில் பாதியை அடைத்தால் ஒரு கட்டத்துக்கு ஒன்பது, பத்துப் புள்ளிகள் கிடைக்கும், தாராளம். பத்தில் ஒரு பங்கு மட்டும் அடைத்தால் இரண்டே புள்ளிகள், பிரித்தறிவது கடினம். அதனால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஜூம் செய்து, திரையில் கோட்டின் மேல் தொட்டுப் பாருங்கள்.

இத்தனை செய்தும், திரையில் கட்டங்கள் தெளிவாகத் தெரிந்தும் படிக்கவில்லையா? குறை அச்சில் இருக்கலாம். செயலி பார்ப்பது நிறத்தை அல்ல, வெளிச்ச வேறுபாட்டை. வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு நம் கண்ணுக்குத் தெரியும். நிறத்தை நீக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வெளிறிப்போன பில் கோடுகளுக்கும் இதே கதி. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சிட்டதைச் சில செயலிகள் படிப்பதே இல்லை.

செயலியின் கேமரா தோற்றால் போனின் சொந்தக் கேமராவில் தெளிவாகப் படம் எடுத்து, கேலரியிலிருந்து செயலிக்குக் கொடுங்கள். பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. கடைக்காரர்களுக்கு ஒன்று: கோடு வெள்ளையில் கறுப்பாக, பளபளப்பில்லாத தாளில், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டு அச்சாகட்டும். அட்டையை டியூப்லைட்டுக்கு நேர்கீழே படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.