நெடுக்காக வெட்டினால் பிழை சீக்கிரம் தெரியும்

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு HealthCare.gov என்ற இணையதளத்தைத் திறந்தது. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் வீட்டிலிருந்தபடியே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சேர்வதற்கான தளம் அது. முதல் நாளில் லட்சக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். கடைசிப் படி வரை போய்க் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் 6 பேர்தான். அந்த மாத இறுதியில் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த ஒப்பந்த நிறுவனங்களின் அதிகாரிகள், தங்கள் பகுதியைத் தனியாகச் சோதித்திருந்ததைச் சொன்னார்கள். எல்லாப் பகுதிகளையும் இணைத்து, ஒருவர் உள்ளே நுழைவதிலிருந்து காப்பீடு பெறுவது வரை சோதித்துப் பார்த்தது திறப்பு நாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் என்பதும் அப்போது வெளியே வந்தது.

அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் பகுதி பகுதியாகக் கட்டிக் கடைசியில் இணைக்கும் பழக்கம் சின்னச் சின்ன மென்பொருள் வேலைகளையும் இதே மாதிரிதான் கவிழ்க்கிறது. அதனால் அதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மென்பொருளிலும் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. நாம் கண்ணால் பார்ப்பதும் விரலால் தொடுவதும் மேலே இருக்கும் திரை. விவரங்கள் எல்லாம் சேமிக்கப்படும் டேட்டாபேஸ் அடியில் இருக்கிறது. நடுவில் இருப்பது விதிகளின் அடுக்கு: இந்தத் தேதி செல்லுமா, இவருக்கு அனுமதி உண்டா என்று முடிவு செய்வது அதுதான். வேலையைப் பிரிக்கச் சொன்னால் பெரும்பாலானோர் இந்த அடுக்குகளின்படியே பிரிப்பார்கள். முதலில் டேட்டாபேஸ், அப்புறம் விதிகள், கடைசியில் திரை. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி ஆள் இருப்பதால் நிர்வாகத்துக்கும் வசதி.

இதற்கு மாற்றான வழி 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முதலானோர் வளர்த்த ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறையிலிருந்து வந்தது. அதில் வேலையின் அலகு ‘ஸ்டோரி’. மென்பொருளைப் பயன்படுத்துபவர் செய்ய விரும்பும் ஒரு காரியத்தை, அவர் பேசும் சொல்லிலேயே, ஒரு சிறு அட்டையில் எழுதிவைப்பது. ஸ்டோரி பெரிதாக இருந்தால் உடைக்க வேண்டும். எப்படி உடைப்பது என்பதற்கு பில் வேக் 2003இல் எழுதிய கட்டுரையில் அடுக்குக் கேக்கைக் காட்டினார். கத்தியை மேலிருந்து கீழே இறக்கி வெட்டினால் துண்டு எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அதில் எல்லா அடுக்கும் இருக்கும், சாப்பிடவும் முடியும். ஒரு அடுக்கை மட்டும் உரித்துக் கொடுத்தால் யாருக்கும் அது கேக் ஆகாது.

ஒரு சிறிய மருத்துவமனையை நினைத்துக்கொள்வோம். மூன்று மருத்துவர்கள். வரவேற்பில் இருக்கும் பெண் போனில் கேட்டு நோட்டில் பெயர் எழுதுகிறார். நோயாளிகள் தாங்களே மொபைலில் நேரம் குறித்துக்கொள்ள ஒரு மென்பொருள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது.

அடுக்கு வழியில் போனால், டேட்டாபேஸ் எழுதுபவருக்கு முதல் மூன்று வாரங்கள். அவருக்கு எதிரே திரை இல்லை, பயன்படுத்துபவரும் இல்லை. பின்னால் தேவைப்படலாம் என்று நினைத்து நோயாளியின் முகவரி, ரத்த வகை, காப்பீட்டு எண் எல்லாவற்றுக்கும் இடம் வைக்கிறார். நோயாளியை அடையாளம் காண மொபைல் எண்ணே போதும், ஓர் எண்ணுக்கு ஒரு நோயாளி என்று முடிவு செய்கிறார். அடுத்த மூன்று வாரங்களில் விதிகள் எழுதுபவர் அந்த முடிவின் மேல் தன் வேலையைக் கட்டுகிறார். அதற்கடுத்த மூன்று வாரங்களில் திரை எழுதுபவர், எண்ணை அடித்ததும் பெயர் தானாக வந்து நிற்கும்படி அழகாகச் செய்கிறார். பத்தாவது வாரம் மூன்றையும் இணைத்து வரவேற்புப் பெண்ணிடம் காட்டுகிறார்கள்.

“ஒரே நம்பர்லதான் அம்மா ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்துக் கேப்பாங்க. இதுல ரெண்டாவது பிள்ளை பேரையே போட முடியலையே சார்?” என்கிறார் அவர்.

ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஒரு வரிக்காக மூன்று அடுக்கையும் பிரிக்க வேண்டும். பிழை முதல் வாரத்திலேயே நுழைந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே மனிதர் மென்பொருளைத் தொட்டது பத்தாவது வாரத்தில். இடையில் வந்த ஒவ்வொரு வாரமும் அந்தப் பிழையின் மேல் இன்னும் ஒரு வரிசை செங்கல் வைத்திருக்கிறது.

இதையே நெடுக்காக வெட்டிப் பார்ப்போம். முதல் துண்டு இவ்வளவுதான்: ஒரே ஒரு மருத்துவர், நாளைக் காலை 10 முதல் 12 மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருவராக 12 இடங்கள். நோயாளி மொபைலில் ஓர் இடத்தைத் தொட்டு, பெயரும் எண்ணும் கொடுத்து அனுப்புகிறார். வரவேற்பில் இருக்கும் கணினியில் அந்தப் பெயர் நேர வரிசையில் தெரிகிறது. ரத்து செய்யும் வசதி, குறுஞ்செய்தி, கட்டணம், லாகின் எதுவும் கிடையாது. இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டால் இரண்டு பெயருமே வரும். வரவேற்புப் பெண் போன் செய்து ஒருவரை மாற்றிவிடுவார். மென்பொருள் இன்னும் கற்றுக்கொள்ளாததை அதுவரை மனிதர் கையால் செய்துகொள்ளலாம்.

அரைகுறை வேலை என்று இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கவனித்தால் தெரியும்: சின்னதாக இருந்தாலும் எல்லாம் நிஜம். விவரம் உண்மையான டேட்டாபேஸில் விழுகிறது, உண்மையான சர்வரில் ஓடுகிறது, அந்தப் பெண்ணின் சொந்தக் கணினியில் தெரிகிறது. இந்த முதல் துண்டு மட்டும் மற்றவற்றைவிட அதிக நாள் பிடிக்கும். சர்வர் அமைப்பது, எழுதியதை அங்கே ஏற்றும் வழியைச் சரிசெய்வது, மருத்துவமனை இணைய இணைப்பில் ஓடுகிறதா என்று பார்ப்பது எல்லாம் இதில்தான் சேரும். அலிஸ்டர் காக்பர்ன் இப்படிப்பட்ட முதல் துண்டை ‘நடக்கும் எலும்புக்கூடு’ என்றார். சதை இல்லை, ஆனால் நடக்கிறது.

இரண்டாவது வாரமே அது பயன்பாட்டுக்கு வருகிறது. ஒரே எண்ணில் இரண்டு பிள்ளைகள் வருவது முதல் நாளிலேயே கண்ணில் படுகிறது. யாரும் அந்த விதியை இன்னும் எழுதாததால் எதுவும் உடையவில்லை. இனி எழுதவும் மாட்டார்கள். கூடவே, யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிகிறது. போன் செய்யாமல் நேரே வந்து உட்காருபவர்களை எங்கே எழுதுவது? மென்பொருளில் அவர்களுக்கு இடம் இல்லை என்றால் வரவேற்புப் பெண் நோட்டையும் கூடவே வைத்திருப்பார். இரண்டு பட்டியல் இருந்தால் இரண்டையும் நம்ப முடியாது. ஆகவே திட்டத்திலேயே இல்லாத ‘நேரே வந்தவரை வரவேற்பிலிருந்தே சேர்ப்பது’ இரண்டாவது துண்டாக முன்னே வருகிறது. குறுஞ்செய்தி பின்னுக்குப் போகிறது. நெடுக்கு வெட்டின் பெரிய பலன் இதுதான் என்பேன். அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பதை ஊகம் சொல்வதில்லை, உபயோகம் சொல்கிறது.

“நாளைக்கு இரண்டாவது மருத்துவர் வந்தால் டேபிளையே மாற்ற வேண்டுமே, முதலிலேயே யோசித்திருக்கலாமே?” என்பது டேட்டாபேஸ் ஆட்கள் வழக்கமாகக் கேட்பது. நியாயமான கேள்வி. மாற்றத்தான் வேண்டும். மருத்துவர் யார் என்பதற்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பதிவுகளில் முதல் மருத்துவரின் பெயரை நிரப்ப வேண்டும். இதற்குள் ‘ஒரு நேரத்துக்கு ஒருவர்’ என்ற விதி வந்திருந்தால், அதை ‘ஒரு மருத்துவருக்கு ஒரு நேரத்தில் ஒருவர்’ என்று திருத்த வேண்டும். சில வரி வேலைதான். ஆனால் பழையது எதுவும் கெடவில்லை என்று உடனே சொல்லும் தானியங்கிச் சோதனைகள் கையில் இருந்தால்தான் அது சில வரி வேலை. சோதனை எழுதாத குழு நெடுக்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டை உடைக்கும். அப்போது பழி இந்த முறையின் மேல் விழும்.

பின்னால் மாற்றவே முடியாத சிலவும் உண்டு. நோயாளியின் விவரத்தை யார் பார்க்கலாம் என்பதைப் பிந்தைய துண்டுக்குத் தள்ளக் கூடாது. வரவேற்புத் திரைக்குக் கடவுச்சொல் முதல் துண்டிலேயே வேண்டும். பணம் கைமாறும் இடமும் அப்படித்தான். துண்டு மெலிதாக இருக்கலாம், பாதுகாப்பு மெலிதாக இருக்கக் கூடாது.

வெளிப்பார்வைக்கு நெடுக்குபோலத் தெரிந்து உள்ளே குறுக்காக வெட்டிய வேலைகளும் நிறைய. ‘நோயாளியாக, என் பதிவுக்கு ஒரு டேபிள் வேண்டும்’ என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். எந்த நோயாளியும் டேபிள் கேட்பதில்லை. இந்த ஸ்பிரிண்ட்டில் பேக்-எண்ட், அடுத்த ஸ்பிரிண்ட்டில் ஃப்ரண்ட்-எண்ட் என்று ஒரே காரியத்தை இரண்டு அட்டையாக்குவதும் அதே தவறுதான். கண்டுபிடிப்பது சுலபம். எல்லா வேலையும் ‘90 சதவீதம் முடிந்தது’ என்றிருக்கும், டெமோவில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. ‘இந்த அட்டை முடிந்தால், நேற்று செய்ய முடியாத எதை இன்று யார் செய்யலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஒரு மனிதரும் ஒரு வினைச்சொல்லும் வரவில்லை என்றால் வெட்டு குறுக்காக விழுந்திருக்கிறது.

பல இடங்களில் இது நடக்காமல் போவதற்குக் காரணம் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் விதம். டேட்டாபேஸ் குழு ஒரு மாடியில், திரைக் குழு இன்னொரு மாடியில் என்றால் வேலையும் அந்த மாடிகளின்படியே பிரியும். ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பைப் போலவே இருக்கும் என்று மெல்வின் கான்வே 1968லேயே எழுதிவிட்டார். மூன்று அடுக்கு ஆட்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, ஒரு துண்டை அவர்கள் சேர்ந்தே முடிக்கும்படி செய்யாமல் அட்டைகளை மட்டும் மாற்றி எழுதிப் பயனில்லை.

உங்கள் பள்ளிக்கோ கடைக்கோ சங்கத்துக்கோ யாரிடமாவது மென்பொருள் செய்யக் கொடுத்திருந்தால், பட விளக்கங்களையும் சதவீதங்களையும் முன்னேற்றம் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குள், அதை அன்றாடம் பயன்படுத்தப்போகும் ஒருவர் ஒரே ஒரு காரியத்தையாவது தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையால் செய்துபார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தவணைப் பணத்தையும் அப்படி முடிந்த துண்டுகளோடு சேர்த்தே பேசி முடியுங்கள்.