ஐடிவி மட்டும் ஏன் சிதறுகிறது?

லண்டனின் வடமேற்கில் இருக்கும் ஹாரோவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புகைபோக்கியில் பொருத்திய ஏரியல், தென்கிழக்கே உள்ள கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தை நோக்கியிருக்கிறது. பிபிசி பளிச்சென்று தெரிகிறது. ஐடிவிக்கும் சேனல் 4க்கும் மாற்றினால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. கடைக்காரர் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கி மாட்டியும் பலனில்லை.

சில சேனல்கள் மட்டும் கெடுவதற்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி அலைவரிசை கிடையாது. பல சேனல்களை ஒன்றாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். இந்தக் கட்டுக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். கிரிஸ்டல் பேலஸில் பிபிசி கட்டு 23-ஆம் எண் அலைவரிசையில், அதாவது 490 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. ஐடிவி, சேனல் 4 இருக்கும் கட்டு 26-ஆம் எண்ணில், 514 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. ஆகவே கெட்டுப்போனது இரண்டு சேனல்கள் அல்ல, ஒரு முழுக் கட்டு. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் மெல்லப் புள்ளி விழும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் குறையில்லாமல் இருக்கும், அதைத் தாண்டியதும் சட்டென்று உடைந்துவிடும். இதனால்தான் கொஞ்சம் பலவீனமான கட்டு விழுகிறது, பக்கத்துக் கட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது.

டிவியின் செட்டிங்ஸில் சிக்னல் விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் வலிமை, தரம் என இரண்டு அளவுகள் காட்டும். நம் ஹாரோ வீட்டில் 23-இல் இரண்டும் உயரத்தில் நிற்கின்றன, 26-இல் இரண்டும் தரையில் கிடக்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி வெறும் 24 மெகாஹெர்ட்ஸ்தான். ஏரியல் சற்றுத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கும். இவ்வளவு பக்கத்தில் உள்ள ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது கேபிள் ஜாயின்ட்டைத்தான்.

டிவிக்குப் பின்னால் உள்ள பிளக்கின் உள்ளே கேபிளின் நடுக்கம்பி ஊசியைத் தொடாமல் ஒரு மயிரிழை விலகியிருக்கலாம். அப்போதும் சிக்னல் முழுசாக நின்றுவிடாது. அந்த இடுக்கைத் தாண்டிக் கொஞ்சம் போகும், மீதி திரும்பி வந்து கேபிளுக்குள் முன்னும் பின்னும் அலையும். அப்படி அலைவது சில அலைவரிசைகளில் வருகிற சிக்னலோடு மோதி அதை அழித்துவிடும், வேறு சிலவற்றைத் தொடாது. எது அழியும் என்பது கேபிளின் நீளத்தையும் பொறுத்தது. ஒயரை லேசாக நகர்த்தியதும் ஐடிவி வந்து வேறொரு சேனல் போவது இதனால்தான்.

சோதிப்பது எளிது. சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவியின் பிளக், சுவர் சாக்கெட், இடையில் உள்ள ஸ்ப்ளிட்டர் என்று ஒவ்வொன்றாக லேசாக அசையுங்கள். எந்த இடத்தில் தரக்கோடு துள்ளுகிறதோ, கோளாறு அங்கேதான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி குட்டையாகவோ கறுத்தோ இருந்தால் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிப் பொருத்த வேண்டும். வெளிப்பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. கடையில் விற்கும் ரெடிமேட் ஒயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னும் சுலபம்.

பூஸ்டர் ஏன் உதவவில்லை? வந்து சேர்ந்த சிக்னலை அதனால் பெரிதாக்க முடியும், வழியில் அழிந்ததை மீட்க முடியாது. இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். நீளமான கேபிளிலோ, ஒரு ஏரியலை இரண்டு மூன்று டிவிக்குப் பிரிப்பதிலோ ஏற்படும் இழப்பை ஈடுகட்டத்தான் ஆம்ப்ளிஃபையர் தேவை. இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு பக்கமும் பாதிக்குக் குறைவான சிக்னல்தான் போகும். அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல், இழப்பு நேரும் முன்பே, ஏரியல் கம்பத்திலேயே பொருத்த வேண்டும். அதற்கு மின்சாரம் வீட்டுக்குள் உள்ள சிறு பெட்டியிலிருந்து கேபிள் வழியாகவே போகும். யாராவது அந்த சுவிட்சை அணைத்தால் கூரை ஆம்ப்ளிஃபையர் படுத்துவிடும். கோபுரத்துக்கு அருகில் பூஸ்டர் போட்டால் சிக்னல் அளவு மீறிப்போய் டிவி திணறும். வலிமை நூற்றில் நிற்க, தரம் ஆடிக்கொண்டிருந்தால் பூஸ்டரைக் கழற்றுங்கள். பிரிட்டனில் 48-ஆம் எண்ணுக்கு மேற்பட்ட அலைவரிசைகள் மொபைல் சேவைக்குப் போய்விட்டன. பழைய ஆம்ப்ளிஃபையர் அந்த மொபைல் சிக்னலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எல்லாக் கட்டுகளும் ஒன்றாகப் பலவீனமானால்தான் ஏரியலின் திசையைப் பார்க்க வேண்டும். கூரைக்கு ஏறும் முன் தெருவில் நின்று அக்கம்பக்கத்து ஏரியல்களைப் பாருங்கள். கிரிஸ்டல் பேலஸுக்கு அதன் குச்சிகள் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். உங்களுடையது மட்டும் காற்றில் திரும்பியிருந்தால் ஏணியும் பழக்கமும் உள்ள ஆளை அழையுங்கள்.

படம் உடையும்போது மட்டும் ஆட்டோ டியூனிங் போடாதீர்கள். விழுந்திருக்கும் கட்டு பட்டியலிலிருந்தே அழிந்துபோகலாம். ஹாரோ போன்ற இடங்களில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் கோபுரத்தின் பலவீனமான சிக்னலும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஜாயின்ட்டைச் சரிசெய்து, தரக்கோடு அசையாமல் நின்ற பிறகு டியூன் செய்யுங்கள்.