கனமான கேமில் மட்டும் கிராஷ்: எஸ்எம்பிஎஸ்ஸா, கிராஃபிக்ஸ் மெமரியா?

பிரவுசர், சினிமா, பழைய கேம்கள் எதிலும் தொந்தரவு தராத கம்ப்யூட்டர், கனமான புதிய கேம் ஓடும்போது மட்டும் அந்த கேமை மூடிவிட்டு டெஸ்க்டாப்பைக் காட்டுவது அடிக்கடி கேட்கப்படும் புகார். சந்தேகம் முதலில் இரண்டு இடங்களில் விழுகிறது. ஒன்று, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். மற்றொன்று, கிராஃபிக்ஸ் கார்டின் மேல் பற்றவைக்கப்பட்டிருக்கும் மெமரி சிப்கள். இரண்டும் வேலை கூடும்போதுதான் தடுமாறும் என்பதால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துப் பணத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

முதலில் மின்சாரம். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் மின்தேவை 320 வாட் என்று குறிக்கப்பட்டுள்ளது. இது சராசரிக் கணக்கு. திரையில் காட்சி சட்டென்று மாறும்போது கார்டின் கோர், சும்மா இருந்த நிலையிலிருந்து முழு வேகத்துக்கு மைக்ரோ செகண்டுகளில் தாவுகிறது. அந்தக் கண நேரத்தில் இழுக்கும் மின்சாரம் குறிக்கப்பட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கையும் தாண்டலாம். 650 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ள ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளலாம். பிராசசருக்கும் மற்றவற்றுக்கும் 200 வாட், கார்டுக்கு 320 என்று கூட்டினால் 520தான்; தாராளமாகத் தெரிகிறது. கார்டு ஒரு கணம் 500 வாட்டை இழுத்தால் மொத்தம் 700 ஆகிவிடும். இந்தத் தாவல்களைக் கணக்கில் கொண்டுதான் இன்டெல் 2022இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, புதிய 12VHPWR இணைப்பு கொண்ட பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தம் திறனைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ செகண்டு வரை தாங்க வேண்டும் என்கிறது.

தாங்க முடியாத எஸ்எம்பிஎஸ் என்ன செய்யும்? பெரும்பாலும் அதன் பாதுகாப்புச் சுற்று முழு மின்சாரத்தையும் துண்டித்துவிடும். அப்போது மூடுவது கேம் மட்டுமல்ல, கம்ப்யூட்டரே அணைந்துவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் Event Viewer-இல் `Kernel-Power`, 41 என்ற பதிவு இருக்கும். அதில் `BugcheckCode` பூஜ்யமாக இருக்கும். இப்படிப் பொட்டென்று அணையும் கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ்ஸை முதல் குற்றவாளியாக வைப்பது நியாயம். கேம் மட்டும் மூடி, பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் வழக்கு அவ்வளவு எளிதல்ல.

காரணம் இதுதான். தோட்டத்து மோட்டாரைப் போடும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவதுபோல, எஸ்எம்பிஎஸ் துண்டிக்காமலேயே 12 வோல்ட் சற்றுத் தாழ்ந்து எழலாம். அந்த இடைவெளியில் கோர் தவறாகக் கணக்கிட்டு உறைந்துபோகிறது. விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்குகிறது. அதுவரை கார்டில் கேம் வைத்திருந்ததெல்லாம் போய்விடுவதால் கேம் `DXGI_ERROR_DEVICE_HUNG` அல்லது `DXGI_ERROR_DEVICE_REMOVED` என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. மெமரியில் ஒரு பிட் புரண்டு, கோர் படிக்க வேண்டிய கட்டளையோ முகவரியோ கெட்டுப்போனாலும் முடிவு இதேதான்: அதே உறைவு, அதே 2 விநாடி, அதே செய்தி. ஆகவே பிழைச் செய்தியின் பெயரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட்டு ஏமாறக்கூடிய இடம் இன்னொன்றும் உண்டு. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 விற்பனைக்கு வந்தபோது, கோரின் வேகம் 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிச் சென்றதும் கேம்கள் டெஸ்க்டாப்புக்கு விழுந்தன. கார்டின் பின்புறக் கெப்பாசிட்டர்கள் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. சில நாட்களில் என்விடியா வெளியிட்ட 456.55 டிரைவருக்குப் பிறகு பலருக்குத் தொல்லை நின்றது. எஸ்எம்பிஎஸ் மாற்றாமல், வெறும் மென்பொருளால் தீர்ந்த கோளாறு அது.

மெமரிக் கோளாறின் போக்கு வேறு. அதற்குச் சூடும் நிரம்பலும் வேண்டும். ஜிடிடிஆர்6எக்ஸ் சிப்கள் 110 டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குச் சூடாகக்கூடியவை. அதனால் கேம் தொடங்கி இருபது நிமிடம் கழித்து, டெக்ஸ்சர் தரத்தை உயர்த்தி வைத்தபோது விழுவது மெமரியின் சாயல். விழுவதற்கு முன் வண்ணக் கட்டங்கள், வானை நோக்கி நீளும் முக்கோண முட்கள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். மாறாக, மெனுவிலிருந்து ஆட்டத்துக்குள் நுழையும் நொடியில், கார்டு சூடாகும் முன்பே விழுவது மின்தாவலின் சாயல். சாயல் என்பதற்கு மேல் இவற்றுக்கு மதிப்பில்லை. உறுதிப்படுத்தச் சோதனை வேண்டும்.

சோதனையின் சூட்சுமம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முதலில் ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நிர்வாகி அனுமதியுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் கோரின் வேகத்தை மட்டும் கட்டிப்போட வேண்டும்:

```
nvidia-smi -lgc 210,1500
```

இது கோரை 1500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகவிடாது. மின்தாவல் வெகுவாகக் குறையும். மெமரியின் வேகம் அப்படியே இருக்கும். அடுத்த சுற்றில் `nvidia-smi -rgc` கொடுத்து கோரை விடுவித்து, ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் மெமரி வேகத்தை மட்டும் 500 மெகாஹெர்ட்ஸ் குறைக்க வேண்டும். இரண்டு சுற்றிலும் விசிறியை ஒரே வேகத்தில் உயர்த்தி வைப்பது அவசியம். இல்லையென்றால் கோரைக் கட்டியதால் கார்டு குளிர்ந்து, அந்தக் குளிர்ச்சியால் மெமரி பிழைத்துக்கொண்டதை மின்சாரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மேலே சொன்ன 650 வாட் கம்ப்யூட்டரிலேயே இதைப் பொருத்திப் பார்க்கலாம். கோரைக் கட்டியும் கேம் விழுகிறது, சற்றுத் தாமதமாக. மெமரியைக் குறைத்ததும் மாலை முழுக்க விழவில்லை. கேமை மூடிய சூட்டோடு `memtest_vulkan` ஓட்டினால் பிழைகள் வரிசையாக வருகின்றன. 700 வாட் கணக்கைப் பார்த்துப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கியிருந்தால் வீண். குளிர்ந்த கார்டில் ஐந்து நிமிடம் ஓட்டி, பிழையில்லை என்று திருப்திப்படுவதும் அதே அளவு தவறு.

முடிவு மறுபக்கம் சாய்ந்தால், அதாவது கோரைக் கட்டியதும் நின்று, மெமரியைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால், தவறு எஸ்எம்பிஎஸ்ஸிலோ கார்டின் சொந்த மின்சுற்றிலோ இருக்கிறது. இவ்விரண்டையும் பிரிக்க, நண்பரிடமிருந்து வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்திப் பார்ப்பதைவிட நேரான வழி இல்லை. அதற்கு முன், இரட்டைத் தலை கொண்ட ஒரே கேபிள் கார்டின் இரண்டு சாக்கெட்டுக்கும் போகிறதா என்று பார்த்து, தனித்தனிக் கேபிளாக மாற்ற வேண்டும். மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸை விடுவிக்கக் கூடாது. அது விநாடிக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பது. மைக்ரோ செகண்டு சரிவு அதன் கண்ணில் படாது. ஃபர்மார்க் போல ஒரே சீராகச் சுமை தரும் சோதனையில் தேறுவதும் அத்தாட்சி ஆகாது, ஏனென்றால் தாவல் பிறப்பது சுமை ஏறி இறங்கும்போதுதான்.

இரண்டு சுற்றிலும் எதுவும் மாறவில்லை என்றால் பிராசசர் பக்கம் திரும்ப வேண்டும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்கள் சிலவற்றில், அன்ரியல் எஞ்சின் கேம்கள் `Out of video memory trying to allocate a rendering resource` என்று சொல்லி விழுந்தன. கிராஃபிக்ஸ் மெமரிக்கு அதில் பங்கே இல்லை. பிராசசர் நிலையிழந்ததே காரணம். 2024இல் மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன. அவை மேலும் கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட சிப்பை மீட்காது.

மெமரிதான் என்று உறுதியானால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது தற்காலிக ஏற்பாடு. சூடு மட்டுமே காரணம் என்றால் காய்ந்துபோன தெர்மல் பேடை மாற்றினால் சரியாகிவிடும். ஆறிய நிலையிலும் பிழை வந்தால் சிப்பே கெட்டிருக்கிறது; அதைப் பெயர்த்து மாற்றுவது பட்டறை வேலை. வாரண்டி மீதமிருக்கும் கார்டைத் திறப்பதற்கு முன், பிழை தெரியும் திரையைப் படமெடுத்து விற்றவரிடம் காட்டிவிட வேண்டும்.