இலவச ரெப்போவில் எதற்குக் கணக்குப் பார்க்கிறார்கள்?

நிரல் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு பகிர்ந்துகொள்ளும் இடம்தான் ரெப்போ. அதை மற்றவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள ஒரு காலத்தில் கிட்ஹப்பில் காசு கொடுத்தாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2019 ஜனவரியில் தனியார் ரெப்போ இலவசமானது. ஆனால் ஒரு ரெப்போவில் கூட்டாளிகள் மூன்று பேர்தான் என்று வரம்பு இருந்தது. 2020 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால் கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் இன்று ஆள் எண்ணிக்கை ஒரு தடையே இல்லை.

மற்ற இடங்களில் அப்படி இல்லை. பிட்பக்கெட்டின் இலவசத் திட்டம் ஐந்து பேருக்குத்தான். கிட்லேப் இணையதளத்திலும் தனியார் குழுவுக்கு இலவசமாக ஐந்து பேர் வரைதான். ஆறாவது ஆளைச் சேர்த்தால் அவர் மட்டும் வெளியே நிற்பார் என்று நினைக்க வேண்டாம். வரம்பைத் தாண்டினால் கிட்லேப்பில் அந்தக் குழு முழுவதுமே படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். யாரும் எதையும் ஏற்ற முடியாது.

கிட்ஹப்பில் ஆள் வரம்பு போனாலும் அதிகார வரம்பு இருக்கிறது. உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கும் தனியார் ரெப்போவில் ஒருவரைச் சேர்த்தால், அவருக்கு எழுதும் உரிமையும் சேர்ந்தே போகும். பார்க்க மட்டும் அனுமதிக்க வேண்டுமானால் இலவச ஆர்கனைசேஷன் ஒன்றைத் தொடங்கி ரெப்போவை அங்கே மாற்ற வேண்டும். முக்கியமான கிளையில் சரிபார்க்காமல் யாரும் புஷ் செய்யக் கூடாது என்று பூட்டுப் போடுவது, தனியார் ரெப்போவைப் பொறுத்தவரை, கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். அணிகளுக்கான திட்டத்தில் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். தனியார் ரெப்போவில் சேர்த்த வெளியாளும் அதில் ஒரு தலைதான்.

பெரும்பாலான சிறு குழுக்கள் மாட்டிக்கொள்வது ஆட்களால் அல்ல, பெரிய கோப்புகளால். 100 எம்.பி.யைத் தாண்டிய கோப்பை கிட்ஹப் சாதாரணமாக ஏற்காது. புஷ் செய்யும்போதே திருப்பி அனுப்பிவிடும். கோப்பை அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்தாலும் அதே பிழைதான் வரும். பழைய கமிட்டில் அது இன்னும் இருக்கிறது, புஷ் செய்வது வரலாற்றையும் சேர்த்துத்தான். இதற்காக வந்ததுதான் கிட் எல்.எஃப்.எஸ். கோப்பு வேறு கிடங்கில் இருக்கும். ரெப்போவில் அதன் இடத்தில் மூன்று வரிச் சீட்டு ஒன்று மட்டும் இருக்கும். கோப்பைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்:

```
git lfs install
git lfs track "*.psd"
git add .gitattributes
```

ஏற்கெனவே கமிட் ஆகிவிட்ட கோப்புகளுக்கு `git lfs migrate import` வேண்டும். அது வரலாற்றையே திருத்தி எழுதுவதால், கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இந்தக் கிடங்குக்கு இரண்டு கணக்கு உண்டு: எவ்வளவு சேமித்திருக்கிறது, மாதத்தில் எவ்வளவு இறக்கப்படுகிறது. இலவசத் திட்டத்தில் இரண்டும் 10 ஜி.பி.; அணிகளுக்கான திட்டத்தில் 250. ஐந்து பேர் ஒரு விளையாட்டை உருவாக்குகிறார்கள் என்று வையுங்கள். ஓவியர் 150 எம்.பி. கோப்பு ஒன்றை மாதத்தில் 20 முறை திருத்தி ஏற்றுகிறார். ஒரு கோடு மாறினாலும் முழுக் கோப்பும் புதிதாகச் சேமிக்கப்படும் என்பதால் சேமிப்பு 3 ஜி.பி. இதில் கவலை இல்லை. மற்ற நான்கு பேரும் ஒவ்வொரு திருத்தத்தையும் இறக்கினால் 12 ஜி.பி. ஆகிறது. ஏற்றுவது இந்தக் கணக்கில் வராது, இறக்குவதுதான் வரும். சேமிப்பில் பாதிகூட நிரம்பாத நிலையில் வரம்பு உடைந்துவிட்டது. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் தானாக ஓடும் சோதனை எல்.எஃப்.எஸ். கோப்புகளையும் இறக்கினால், மாதம் முடிவதற்கு வெகு முன்பே இது நடக்கும். இவை எல்லாம் ரெப்போ யாருடையதோ அவர் கணக்கில்தான் ஏறும்.

கட்டண வழி வைத்திருக்காவிட்டால் மாதக் கடைசி வரை எல்.எஃப்.எஸ். நின்றுவிடும். கூட்டாளி குளோன் செய்த படம் திறக்காமல், அளவு நூற்றுச் சொச்சம் பைட் மட்டுமே இருந்தால் அவருக்கு வந்தது சீட்டுதான், கோப்பு அல்ல. அதை எழுத்துத் திருத்தியில் திறந்தால் `version https://git-lfs.github.com/spec/v1` என்ற முதல் வரி தெரியும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ரெப்போவிலிருந்து கோப்பை நீக்கினாலும் கிடங்கில் அதன் பழைய பிரதிகள் அப்படியே இருக்கும், சேமிப்புக் கணக்கும் குறையாது. அவற்றை நீங்களே அகற்ற கிட்ஹப் சொல்லும் வழி, ரெப்போவையே நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குவது. அப்போது அங்கே பதிந்திருந்த விவாதங்களும் பிழைக் குறிப்புகளும் சேர்ந்தே போகும். அதனால் அடிக்கடி மாறும் பெரிய ஓவியக் கோப்புகளை முதலிலேயே வேறு சேமிப்பிடத்தில் வைத்து, முடிந்த வடிவத்தை மட்டும் ரெப்போவுக்குக் கொண்டுவருவதையே நான் பரிந்துரைப்பேன்.