மணி அடித்த பிறகு வரும் விலை

அமெரிக்கப் பங்குகள் வைத்திருப்பவர்கள் இன்று சென்னையிலும் கோவையிலும் நிறையவே இருக்கிறார்கள். சிலர் செயலி வழியாக வாங்கியவர்கள். இன்னும் பலர், அமெரிக்க நிறுவனத்தின் இங்குள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் சம்பளத்தோடு கம்பெனி ஷேரும் கிடைக்கப் பெற்றவர்கள். காலாண்டு முடிவு வெளியான மறுநாள் காலை இவர்கள் எழுந்தவுடன் கை போனைத் தேடும். அதில் பங்கின் பெயருக்குக் கீழே வழக்கமான விலை ஒன்று, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு விலை. சந்தை முடிந்தபின் 9 சதவீதம் ஏற்றம் என்று பச்சையிலோ, 9 சதவீதம் இறக்கம் என்று சிவப்பிலோ அது நிற்கும். பல் துலக்குவதற்குள் மனது லாப நஷ்டக் கணக்கைப் போட்டு முடித்துவிடும்.

அந்த இரண்டாவது விலை பொய் இல்லை. யாரோ ஒருவர் நிஜமாகவே அந்த விலைக்கு வாங்கியிருக்கிறார், இன்னொருவர் விற்றிருக்கிறார். எத்தனை பங்கு கைமாறியது, அடுத்த ஆளுக்கும் அந்த விலை கிடைக்குமா என்பதைத்தான் அந்த ஒற்றை எண் சொல்வதில்லை.

நியூயார்க் சந்தையின் முறையான நேரம் அங்குள்ள கடிகாரப்படி காலை 9.30 முதல் மாலை 4 வரை. அவர்களுக்குக் கோடைகாலமாக இருந்தால் நமக்கு அது இரவு 7 முதல் 1.30 வரை, குளிர்காலமாக இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இதற்கு முன்னும் பின்னும் வியாபாரம் உண்டு. அதிகாலை 4 மணிக்கே தொடங்கி 9.30 வரை நடப்பது முன்சந்தை. மாலை 4 முதல் 8 வரை நடப்பது பின்சந்தை. இரண்டுமே மின்னணு ஆர்டர் புத்தகங்களில் நடப்பவை. அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் காலாண்டு முடிவுகளைப் பெரும்பாலும் இந்த இரண்டு வேளைகளில்தான் வெளியிடுகின்றன. முதலீட்டாளர்கள் நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். விளைவு என்னவோ நேர்மாறு. பங்கின் மதிப்பையே புரட்டிப்போடும் செய்தி, வாங்கவும் விற்கவும் ஆள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து விழுகிறது.

ஆள் குறைந்தால் விலைக்கு என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்க்கலாம். மாலை 4 மணிக்கு அதன் பங்கு 50 டாலரில் முடிந்தது. பகலில் அதன் ஆர்டர் புத்தகத்தைத் திறந்தால், 49.99 டாலருக்கு வாங்க ஆயிரக்கணக்கான பங்குகளுக்கு ஆர்டர் நிற்கும், 50.01 டாலருக்கு விற்க அதே அளவு நிற்கும். நடுவே இருக்கும் 2 சென்ட்தான் ஸ்பிரெட். மாலை 5 மணிக்கு அதே புத்தகத்தைப் பாருங்கள். வாங்க நிற்பவர் 48.20 டாலர் சொல்கிறார், அதுவும் 100 பங்குக்கு மட்டும். விற்க நிற்பவர் 51.80 டாலர் கேட்கிறார், அவரிடம் இருப்பது 200 பங்கு. ஸ்பிரெட் 3 டாலர் 60 சென்ட் ஆகிவிட்டது.

இப்போது அவசரக்காரர் ஒருவர் வந்து, கேட்ட விலையைக் கொடுத்து 15 பங்கு வாங்கிப் போகிறார். கடைசியாக நடந்த வியாபாரம் 51.80 டாலர் என்பதால் உலகெங்கும் உள்ள போன்களில் 3.6 சதவீதம் ஏற்றம் என்று பச்சை எரிகிறது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர் 10 பங்கை 48.20க்கு விற்கிறார். அதே போன்களில் 3.6 சதவீதம் இறக்கம் என்று சிவப்பு. இடையில் கம்பெனியைப் பற்றிப் புதிதாக ஒரு வரிகூட வரவில்லை. யாரும் தன் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி அப்போதும் இப்போதும் 50 டாலர்தான்.

பச்சையைப் பார்த்து, இதுதான் சமயம் என்று 400 பங்கை விற்க ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். 51.80 வீதம் 20,720 டாலர் வரும் என்பது அவர் கணக்கு. ஆனால் 51.80 என்பது விற்பவர் கேட்ட விலை. அந்த விலைக்கு வாங்க அங்கே ஆள் இல்லை. வாங்குபவர் வரிசையில் முதலில் இருப்பது 48.20க்கு 100 பங்கு. அதன் கீழே 47.50க்கு 150 பங்கு, அதற்கும் கீழே 46 டாலருக்கு 150 பங்கு. மூன்று படியும் இறங்கினால்தான் 400 பங்கும் விற்கும். கையில் வருவது 18,845 டாலர், சராசரியாகப் பங்குக்கு 47 டாலர் 11 சென்ட். போன் காட்டியதற்கும் கைக்கு வந்ததற்கும் 1,875 டாலர் வித்தியாசம். இந்த நேரத்தில் புரோக்கர்கள் பொதுவாக லிமிட் ஆர்டர் மட்டுமே ஏற்பதற்கு இதுதான் காரணம். என்ன விலை வந்தாலும் சரி என்று போடும் மார்க்கெட் ஆர்டர் இங்கே படி படியாக இறங்கிப் பாதாளம் வரை போய்விடும்.

ஸ்பிரெட் இப்படி விரிவதற்கு ஆள் குறைவு என்பது பாதிக் காரணம்தான். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு நாள் முழுக்க நிற்பவர்களுக்கு மார்க்கெட் மேக்கர் என்று பெயர். நடுவில் உள்ள அந்தச் சில சென்ட்தான் அவர்கள் பிழைப்பு. அவர்களுடைய பெரிய பயம், தங்களைவிட அதிகம் தெரிந்தவரிடம் வியாபாரம் செய்துவிடுவது. பகலில் வருபவர்களில் பெரும்பாலோர் எந்த ரகசியமும் தெரியாதவர்கள்: பணம் தேவைப்பட்டு விற்பவர், மாதச் சேமிப்பைப் போடுபவர், குறியீட்டு எண்ணைப் பின்பற்றும் ஃபண்ட். ஒருவரிடம் ஏமாந்தாலும் நூறு பேரிடம் ஈடுகட்டிக்கொள்ளலாம். மாலை 4.05க்கு முடிவு வெளியான கையோடு வருபவர் யார்? அதைப் படித்துவிட்டு, அல்லது கணினியை விட்டுப் படிக்கவைத்துவிட்டு வருபவர்தான். போதாக்குறைக்கு, நஷ்டத்துக்குக் காப்பாகப் பகலில் வாங்கிக்கொள்ளும் பங்கு ஆப்ஷன்களின் சந்தையும் அந்நேரம் மூடியிருக்கும். ஆகவே சிலர் கடையை மூடிவிடுகிறார்கள். நிற்பவர்கள், ஏமாந்தாலும் தாங்கும்படி விலைகளை விலக்கி வைக்கிறார்கள்.

2024 பிப்ரவரி 13 மாலை லிஃப்ட் என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் பங்குக்கு நடந்தது இந்த நேரத்தின் குணத்தை அப்பட்டமாகக் காட்டும். அன்று சந்தை முடியும்போது பங்கின் விலை 12 டாலரைச் சற்றே தாண்டி இருந்தது. மணி அடித்தபின் காலாண்டு அறிக்கை வந்தது. வரும் ஆண்டில் தங்கள் லாப விகிதம் சுமார் 500 அடிப்படைப் புள்ளி உயரும் என்றது அறிக்கை. நூறு அடிப்படைப் புள்ளி என்றால் 1 சதவீதம். ஆக, 5 சதவீதப் புள்ளி உயர்வு. இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடும் கம்பெனிக்கு அது நம்ப முடியாத பாய்ச்சல். நின்று நம்பலாமா என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. பங்கு 60 சதவீதத்துக்கும் மேல் எகிறியது.

உண்மையில் அறிக்கையில் ஒரு சைபர் கூடிவிட்டிருந்தது. சரியான எண் 50, அதாவது அரை சதவீதப் புள்ளி. ஆய்வாளர்களுடனான தொலைபேசிக் கூட்டத்தில் நிதித் தலைமை அதிகாரி எரின் ப்ரூவர் அதைத் திருத்திச் சொன்னார். ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்தது. தலைமை நிர்வாகி டேவிட் ரிஷர் பிறகு தொலைக்காட்சியில் தவறு தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். கதை அங்கே முடியவில்லை. பிழையை நீக்கிப் பார்த்தாலும் அந்தக் காலாண்டு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. மறுநாள் முறையான சந்தையில், எல்லோரும் நிதானமாகப் படித்தபின், பங்கு சுமார் 35 சதவீத ஏற்றத்தில் 16 டாலரைத் தாண்டி முடிந்தது. உச்சத்தில் வாங்கியவருக்கும் நஷ்டம். எல்லாம் புரளி என்று திருத்தம் வந்த பதற்றத்தில் விற்றவருக்கும் வருத்தம். ஒரே மாலையில் அந்த விலை இரண்டு திசையிலும் ஆளை ஏமாற்றியது.

இதே பாய்ச்சல் பகலில் நடந்திருந்தால் சில தடுப்புகள் குறுக்கே வந்திருக்கும். தனிப் பங்கு ஒன்று சில நிமிடங்களில் வரம்பைத் தாண்டி ஏறினாலோ இறங்கினாலோ ஐந்து நிமிடம் வியாபாரத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. அது 9.30 முதல் 4 வரை மட்டுமே செல்லுபடி. வேறொரு சந்தையில் இதைவிட நல்ல விலை இருந்தால் அதைத் தாண்டிப்போய் மோசமான விலைக்கு முடிக்கக் கூடாது என்ற விதியும் பகலுக்கு மட்டும்தான். மாலையில் உங்கள் புரோக்கர் எந்தப் புத்தகத்தோடு இணைந்திருக்கிறாரோ அதில் என்ன கிடைக்கிறதோ அதுதான் விலை. நீங்கள் போட்டுவைத்த ஸ்டாப் லாஸ் ஆர்டரும் வழக்கமாக அந்நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். பின்சந்தையில் 30 சதவீதம் விழுந்த பங்கு மறுநாள் காலை அங்கிருந்தே தொடங்கினால், 5 சதவீத இறக்கத்தில் விற்கச் சொன்ன உங்கள் ஆர்டர் 30 சதவீத இறக்கத்தில்தான் நிறைவேறும்.

இவ்வளவு சொன்னதால் பின்சந்தை விலையைக் குப்பையில் போடலாம் என்று அர்த்தமில்லை. மைக்கேல் பார்க்லே, டெரன்ஸ் ஹெண்டர்ஷாட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அலசியது. மணிக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தின் அளவு சிறியது. ஆனால் அங்கே நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்திலும் பகல் வியாபாரத்தைவிடத் தகவல் அதிகம் என்று கண்டார்கள். கூடவே இரைச்சலும் அதிகம் என்றார்கள். திசையை அந்த விலை பல நேரம் சரியாகச் சொல்லும், அளவைத்தான் கோட்டைவிடும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அதனால் அந்தச் சின்ன எழுத்து எண்ணைப் பார்த்ததும் அடுத்து பார்க்க வேண்டியது வால்யூம். காலாண்டு முடிவு வந்த பெரிய கம்பெனியில் லட்சக்கணக்கான பங்குகள் கைமாறி, ஸ்பிரெட் சில சென்ட்டுக்குள் இருந்தால் அந்த விலைக்கு ஓரளவு மரியாதை கொடுக்கலாம். சில நூறு பங்குகள்தான் நடந்திருக்கின்றன, ஸ்பிரெட் விலையில் 2, 3 சதவீதம் இருக்கிறது என்றால், ஏற்றமும் இறக்கமும் அந்த இடைவெளிக்குள் நடக்கும் ஊசலாட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைசி வியாபார விலையை விட்டுவிட்டு, இரண்டு விலைகளின் நடுப்புள்ளி நேற்றைய முடிவிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வியாபாரம் எத்தனை மணிக்கு நடந்தது என்பதும் முக்கியம். பின்சந்தை முடிவது அவர்களுக்கு இரவு 8 மணி, நமக்குக் கோடையில் காலை 5.30. ஆறு மணிக்கு எழுந்து பார்ப்பவர் கண்ணில் படுவது பல நேரம் ஏற்கெனவே உறைந்துபோன எண்தான்.

நம்மூர் சந்தை இந்த விஷயத்தில் வேறு வழியில் போனது. தேசியப் பங்குச்சந்தையிலும் மும்பை பங்குச்சந்தையிலும் 2010 அக்டோபர் முதல் இருக்கும் முன்திறப்பு அமர்வு காலை 9 முதல் 9.15 வரை. இதில் ஆர்டர்கள் வந்த வரிசையில் தனித்தனியாக முடிக்கப்படுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, எந்த விலையில் அதிகபட்சப் பங்குகள் கைமாறுமோ அந்த ஒரே விலையில் மொத்தமாக முடிக்கிறார்கள். 15 பங்கு வாங்கிய ஒருவரால் தனியாக விலையைத் தூக்கிவிட முடியாது. மாலையில் 3.40 முதல் 4 வரை உள்ள அமர்விலும் அன்றைய முடிவு விலைக்கு மட்டுமே வியாபாரம். அதற்கு மேல் இரவில் செயலி வழியே போடும் ஆர்டர், மறுநாள் காலைக்காக வரிசையில் காத்திருக்கும். அது வியாபாரம் இல்லை.

ஆனால் காலை 9 மணிக்குத் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் உத்தேச விலையை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த முதல் சில நிமிடங்களில் போட்ட ஆர்டரைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். 9.02க்கு 4 சதவீத ஏற்றம் காட்டிய பங்கு, பெரிய ஆர்டர் ஒன்று விலகியதும் 9.07க்கு நேற்றைய விலைக்கே திரும்பி வந்து நிற்கும். அதுவரை அதில் ஒரு பங்குகூட கைமாறியிருக்காது.